மாமாவின் வாயில் வராத சொல்

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கடைத்தெருவில் தமிழ் பேசுகிற நம் ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பாக்கலாம்'. "பாக்கலாம் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைக்குள் நுழைவார்கள். அவர் காதுபடவே கேட்பார்கள். அவரும் அதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் கேட்டவர் மனசு நோகுமாம்.

மாமாவுக்கு சோபா தைக்கிற கடை. கிழிந்த உறையை மாற்றுவது, பள்ளம் விழுந்த இருக்கைக்குப் புது ஃபோம் வெட்டி வைப்பது, தளர்ந்த ஸ்பிரிங்கை அவிழ்த்து இழுத்துக் கட்டுவது, இதுதான் வேலை. உறை தைக்கிற மிஷின் என் பொறுப்பு. கட்டையில் ஆணி அடிப்பதும் ஸ்பிரிங் கட்டுவதும் அவர். கைவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. வாய்வேலையில்தான் அவர் பூஜ்யம். அறுபதைத் தொடப்போகிற மனுஷன், ஒருத்தரைப் பார்த்து 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. கட்டை உளுத்துப்போன நாற்காலிகளும் சட்டம் முறிந்த சோபாக்களும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். சரிசெய்யவே முடியாதவை. சரிசெய்ய முடியாது என்று கொண்டுவந்த அன்றைக்கே அவருக்குத் தெரியும். அத்தனையும் ஊர்ப்பேச்சு, அதாவது இந்த ஊர் மொழி, பேசுகிறவர்கள் விட்டுப்போனவை. நம் ஆட்களுடையது அதில் ஒன்றுகூடக் கிடையாது. இதற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நாங்கள் குடியிருக்கும் ஊரில் பாதிக்கு மேல் நம் பேச்சு தெரியாதவர்கள். நம் ஆள் ஒருவர் உளுத்த நாற்காலியோடு வந்தால், மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்தக் காலத்து மரம், இந்த மாதிரி இப்போது கிடைக்காது என்று புகழ்வார். பிறகு பேச்சை மாற்றி, பிள்ளைகள் படிப்பு எப்படி என்று விசாரிப்பார். டீ சொல்வார். கடைசியில், "கையில வேலை கொஞ்சம் ஜாஸ்தி... பாக்கலாம்" என்பார். புகழ்ச்சி வந்தபோதே அந்த ஆளுக்குப் பாதி புரிந்துவிடும். டீ வரும்போது முழுதாகப் புரிந்துவிடும். "பரவால்லைங்க, சும்மாதான் எடுத்துட்டு வந்தேன்" என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போய்விடுவார். இவரும் மறுக்கவில்லை, அவரும் மறுக்கப்படவில்லை. இரண்டு பேர் மானமும் பத்திரம்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பாதி வேலை கேட்கிறவருடையது. இவர் கோடு காட்டினால் அவர் பின்வாங்க வேண்டும். ஊர்ப்பேச்சு பேசுகிறவருக்கு அந்தப் பாதி தெரியாது. அவர்கள் வழக்கத்தில் முடியாது என்றால் 'மன்னிச்சுக்குங்க, முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். கேட்டவரும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். அதில் யாருக்கும் யாரோடும் மனஸ்தாபம் இல்லை. அப்படிப்பட்டவர் மாமாவின் டீயையும் குடித்துவிட்டு நாற்காலியையும் வைத்துவிட்டுப் போனால் அது அவர் குற்றமா? அடுத்த வாரம் வந்து 'முடிஞ்சுதா' என்று கேட்பார். மாமா இன்னொரு டீ சொல்வார்.

இதையெல்லாம் வைத்து நாங்கள் வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறோம். என் அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வராது. ஏனென்றால் மாமாவின் கையிருப்பில் இருந்த பெரிய ஆயுதமே அவள்தான். யார் எது கேட்டாலும் "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். கேட்கவே மாட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் சரி, சங்கத்தில் பொறுப்பு எடுக்கச் சொன்னாலும் சரி, வீட்டில் கேட்க வேண்டும். நம் ஆட்களுக்குள் என் அக்காவுக்கு ராட்சசி என்று பெயர். பாவம், அவள் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள்.

மாமாவுக்கு ஒரே அண்ணன். நான் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வேன். நாலு தெரு தள்ளி வீடு. மனைவியும் ஒரே மகளும். மகளுக்கு நான் வைத்த பெயர் வக்கீல். வேலை ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸில்தான், ஆனால் அவளோடு பேசி ஜெயிக்க முடியாது. இந்த ஊரிலேயே பிறந்து, ஊர்ப்பேச்சிலேயே படித்து வளர்ந்தவள். தமிழும் நன்றாகவே பேசுவாள். வார்த்தைகள் எல்லாம் சரியாக இருக்கும். வார்த்தைக்கு நடுவில் இருக்கிறதை மட்டும் அவள் படித்ததில்லை.

பெரியவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சர்க்கரை நோய் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இடது கையில் ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாயை இணைத்து வைத்திருந்தார்கள். தடித்த கயிறு மாதிரி தோலுக்கு அடியில் ஓடும். அதில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் துவைத்துப் போட்ட துணியாகக் கிடப்பார். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு, சத்தமாகச் சிரித்து வாழ்ந்த மனுஷன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர் தட்டைப் பார்த்தபடியே, "சொந்தத்துல யாராவது கிட்னி குடுத்தா நல்லா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. கூடப் பொறந்தவங்கன்னா பொருந்த வாய்ப்பு ஜாஸ்தியாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யாரையும் பார்க்கவில்லை. அப்படித்தான் கேட்பார்கள் நம் ஆட்கள். கேள்வியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார்கள். எடுக்கிறவர் எடுக்கலாம். எடுக்காவிட்டால் அது கேள்வியே இல்லை, சும்மா ஒரு செய்தி.

மாமா எடுக்கவில்லை. ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். பிறகு, இந்த ஆஸ்பத்திரி டாக்டர் ரொம்பக் கெட்டிக்காரராமே என்றார். மாத்திரையிலேயே குணமான ஒருத்தரைத் தனக்குத் தெரியும் என்றார். அப்புறம் அண்ணிக்கு ரசம் நன்றாக வந்திருக்கிறது என்றார். பெரியவர், "ஆமா, இன்னிக்கு நல்லா இருக்கு" என்றார். கேள்வியும் முடிந்தது, பதிலும் முடிந்தது. மேஜையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது, வக்கீலைத் தவிர.

மாமா கல்நெஞ்சக்காரர் இல்லை. அண்ணன் என்றால் அவருக்கு உயிர். ஆனால் கத்தி என்றால் நடுங்கும் சுபாவம். அவருடைய அப்பா ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அந்த வாசலில் நின்றவர் மாமாதான். அதன்பிறகு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே அவருக்குக் கை சில்லிட்டுவிடும். இதை அவர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அண்ணனிடம் சொல்லவில்லை. பயம் என்று எப்படிச் சொல்வது, அதுவும் அண்ணன் உயிருக்கு நேரே வைத்து?

மறுவாரம் வக்கீல் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு நீங்க கிட்னி குடுப்பீங்களா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவள் அதை மரியாதையாகத்தான் கேட்டாள். அவள் வளர்ந்த பேச்சில் அதுதான் பெரிய மரியாதை. மறுப்பதற்குக் கதவைத் திறந்து வைத்தே கேட்டிருக்கிறாள். ஆனால் அந்தக் கதவு வழியாகப் போக மாமாவுக்குக் கால் வரவில்லை. பெற்ற அப்பாவுக்காக ஒரு பெண் வந்து எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எந்த வாயால் முடியாது என்பது? மிஷினை நிறுத்திவிட்டு நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா தன் வித்தை அத்தனையையும் எடுத்து விட்டார். அண்ணன் தனக்கு அப்பா மாதிரி என்றார். அவருக்காக எதைத்தான் செய்யக்கூடாது என்றார். டீ சொன்னார். தனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார். கடையைப் போட்டுவிட்டு மாசக்கணக்கில் படுக்க முடியுமா என்று யோசனையாக இருக்கிறது என்றார். கடைசியாக, "வீட்லயும் ஒரு வார்த்தை கேக்கணும்மா. பாக்கலாம், கடவுள் இருக்காரு" என்றார்.

நம் ஆளாக இருந்தால் 'அண்ணன் அப்பா மாதிரி' என்று ஆரம்பித்தபோதே எழுந்திருப்பார். இவள் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டாள். சர்க்கரை, கடை, சித்தி.

அவள் வழக்கத்தில் ஒருவர் காரணம் சொன்னால், அந்தக் காரணம் தீர்ந்தால் அவர் சம்மதம் என்று அர்த்தம். மாமா வேலி போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவளோ வழிகாட்டிப் பலகை வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை ஏற்பாடு செய்தாள். சர்க்கரை எல்லைக்கு ரொம்ப இந்தப் பக்கம், சுத்தமாக இருந்தது. மாமா வாழ்நாளில் தன் உடம்பு நன்றாக இருப்பதற்காக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். அடுத்து கடை. வேறொரு கடையில் ஸ்பிரிங் வேலை தெரிந்த ஒருவரைப் பேசி முடித்துவிட்டு வந்து, "சித்தப்பா படுத்திருக்கிற வரைக்கும் இவர் வருவாரு" என்று என்னிடம் சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது.

மிச்சம் இருந்தது சித்தி. அக்காவைத் தேடி வீட்டுக்கே வந்தாள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். "சித்தப்பா உங்களைக் கேட்டுச் சொல்றேன்னாரு. நீங்க என்ன சொல்றீங்க சித்தி?" என்றாள்.

அக்காவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக இவள் பெயரைச் சொல்லி மறுத்ததெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. கேட்க ஒருத்தரும் வந்ததில்லை. வந்தால் அது மரியாதைக்குறைவு. இப்போது ஒருத்தி வந்து நிற்கிறாள். புருஷன் மாட்டேன் என்கிறார் என்று சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி. நான் விடமாட்டேன் என்றால் ராட்சசி பட்டம் உறுதி, ஒரு உயிர்ப் பழியும் தலையில் ஏறும். அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "நான் என்னம்மா சொல்றது? அது உங்க சித்தப்பா இஷ்டம். எனக்குன்னு தனியா என்ன இருக்கு" என்றாள்.

அவர் பொறுப்பை இவள் தலையில் போட்டார். இவள் அதை எடுத்து அவர் தலையில் திருப்பி வைத்தாள். நம் கணக்கில் இரண்டு மறுப்பு. வக்கீல் கணக்கில் எல்லாத் தடையும் நீங்கியாயிற்று. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நன்றி சொன்னாள். அக்காவும் அழுதாள், வேறு காரணத்துக்கு.

அன்று சாயங்காலம் மாமா வந்ததும் சண்டை. "அவ வந்து கேட்டா நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?" என்றார் அவர். "உங்க வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றாள் அவள். எனக்கு இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வந்தது. நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள் மாமா என்றேன். பாக்கலாம் என்றார்.

அதற்குள் பெரியவர் வீட்டில் இன்னொன்று நடந்துவிட்டது. பெரியவர் மனைவிக்கு ஒரு தம்பி. அவர் தானாகவே முன்வந்து நான் தருகிறேன் அத்தான் என்று சொல்லியிருந்தார். ரத்த வகையும் ஒத்துப்போனது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருத்தரைத்தான் ஆஸ்பத்திரியில் முழுப் பரிசோதனைக்கு எடுப்பார்கள். உடன்பிறந்த தம்பியே சம்மதித்துவிட்டார் என்று வக்கீல் சொன்னதால், மைத்துனருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கப்பலில் வேலை வந்தது, ஒப்பந்தம் முடியாமல் பாதியில் திரும்ப முடியாத வேலை. போய்விட்டார். இது தெரிந்த அன்றைக்கு மாமா ஸ்பிரிங் கட்டிக்கொண்டிருந்தார். இழுத்த கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிட்டார். ஸ்பிரிங் எகிறி முழங்கையைக் கிழித்தது.

பிறகு பரிசோதனைகள். மாமா எந்தப் பரிசோதனையையும் தட்டவில்லை. ரத்தம் கொடுத்தார். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைப் பெரிய பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று பொருந்தாமல் போகும் என்று நம்பிக்கொண்டு போவார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. முகம் கறுத்துத் திரும்பி வருவார். சாப்பாடு இறங்கவில்லை. அடித்த ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தார். இவ்வளவு தூரம் வந்த பிறகு எப்படிச் சொல்வது என்பார். ஒவ்வொரு நாளும் அந்தத் தூரம் கூடிக்கொண்டேதான் போனது.

கடைசியில் தனிப் பேட்டி. கொடுக்கிறவரை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். வீட்டு ஆள் ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. நான் வண்டியில் கூடப் போய் வெளியே காத்திருந்தேன். உள்ளே நடந்ததை மாமா வரும் வழியில் சொன்னார்.

ஆலோசகர் ஒரு அம்மா. மொழிபெயர்க்கிற பெண் போனில் இருந்தாள், குரல் மட்டும். ஆலோசகர் அம்மா கேட்டாராம்: இது உங்கள் சொந்த விருப்பமா, யாராவது வற்புறுத்துகிறார்களா? மாமா, "அண்ணனாச்சே" என்றார். அந்தப் பெண் அதை அப்படியே ஊர்ப்பேச்சில் சொன்னாள். ஆலோசகர் அம்மா, அது சரி, உங்களுக்கு விருப்பம் உண்டா என்று மறுபடி கேட்டார். மாமா, "நம்ம கையில என்ன இருக்கு" என்றார். அதையும் அப்படியே சொன்னாள். மூன்றாவது முறை கேள்வி வந்தபோது, அந்தப் பெண் முதலில் ஆலோசகரிடம் ஊர்ப்பேச்சில் அனுமதி கேட்டாள். பிறகு மாமாவிடம் தமிழில் பேசினாள்.

"ஐயா, நீங்க சொல்றதை நான் கூட்டாம குறைக்காம சொல்லணும். நீங்க சொல்லாததை நானா சொல்ல முடியாது. அவங்களுக்குத் தெரியணும்னா அது உங்க வாயிலருந்து வந்தாத்தான் உண்டு."

மாமா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம். முகம் தெரியாத ஒரு குரல் என்பதால்தான் முடிந்தது என்றார். "எனக்கு இஷ்டமில்லம்மா" என்றாராம். அந்தப் பெண் அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

ஆலோசகர் அம்மா முகம் சுளிக்கவில்லையாம். பேனாவை வைத்துவிட்டு, இது உங்கள் உரிமை, காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார். வீட்டாருக்கு நாங்களே தெரிவிக்கிறோம், 'இவர் கொடுக்கத் தகுந்தவர் இல்லை' என்று மட்டும் சொல்வோம், அதற்கு மேல் ஒரு வார்த்தை எங்களிடமிருந்து போகாது என்றார்.

வண்டியில் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல மாசத்துக்குப் பிறகு ரத்த ஓட்டம் வந்திருந்தது. "பாத்தியா? நேரா பேசற ஊருன்னு சொல்றோம். அவங்களுக்கும் இப்படி ஒரு வழி வேண்டியிருக்கு" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியே நமக்காக 'பாக்கலாம்' சொல்கிறதே என்று கிண்டல்கூடச் செய்தேன்.

அந்த நிம்மதி வக்கீல் வரும்வரைதான். அவள் கடைக்கு வந்து, எந்தப் பரிசோதனையில் தகுதி இல்லை என்று கேட்டாள். எல்லாம் நன்றாக இருந்ததே, இவர்கள் ஏதோ தவறு செய்திருக்கிறார்கள் என்றாள். வேறு ஆஸ்பத்திரியில் மறுபடி எல்லாப் பரிசோதனையும் எடுப்போம், நாள் வாங்கிவிட்டேன் என்றாள். காரணம் என்று ஒன்று இருந்தால் அவள் அதைத் தீர்க்காமல் விடமாட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே துணியைப் பார்த்தேன்.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றேம்மா" என்றார் மாமா.

மறுநாள் மாமா, அக்கா, நான் மூன்று பேரும் பெரியவர் வீட்டுக்குப் போனோம். பெரியவர் டயாலிசிஸ் முடிந்து வந்து சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். கையில் பஞ்சுக்கட்டு. மாமா உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். நின்றபடியே, "பரிசோதனையில ஒண்ணும் இல்ல. நான்தான் மாட்டேன்னு சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு. என்னால முடியாது" என்றார்.

வக்கீல் கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "அன்னிக்கே கேட்டேனே சித்தப்பா. தப்பா நினைக்க மாட்டேன்னு சொல்லித்தானே கேட்டேன். மாமாவை அனுப்பிட்டோமே" என்றாள். கப்பலுக்குப் போன தாய்மாமனைச் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

அக்கா பெரியவரிடம், சின்னப் பெண், அவளுக்கு நம் பேச்சு பிடிபடவில்லை, அதில்தான் எல்லாம் வந்தது என்று ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவளுக்குப் புரியல. எனக்குப் புரியாம என்ன? அந்த ஞாயித்துக்கிழமையே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவ வந்து, சித்தப்பா சரின்னுட்டாருன்னப்ப, இவன் என்ன சொல்லியிருப்பான்னு வார்த்தைக்கு வார்த்தை எனக்குத் தெரியும். இல்லம்மா, அதுக்கு அர்த்தம் அது இல்லன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்குப் பொழைக்கணும்னு இருந்துச்சு. அவளுக்குப் புரியாததை நானும் புரியாத மாதிரி வெச்சுக்கிட்டேன். இவன் வாயைத் திறந்து சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியுமே."

 எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும் போனது. சாகிற பயத்தில் இருக்கிறவரை என்னவென்று கோபிப்பது? மாமாவின் வாய் திறக்காது என்பதை நம்பித்தானே நாங்கள் எல்லோரும் அவரோடு குப்பை கொட்டினோம். பெரியவர் அந்தச் சுபாவத்தில் தன் உயிரையே கட்டிப் பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து குறைந்தது. பெரியவர் பெயரை ஆஸ்பத்திரியில் பொதுப் பட்டியலில் சேர்த்தார்கள். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். சில வருஷம்கூட ஆகலாமாம். டயாலிசிஸ் தொடர்ந்தது.

மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் அண்ணனைப் பார்க்கப் போனார். இனி ஆஸ்பத்திரிக்கு நானே வண்டியில் அழைத்துப்போய் அழைத்து வருகிறேன் என்றாராம். பெரியவர், உனக்கு எதற்குச் சிரமம், காலையில் கடை திறக்க வேண்டாமா, உன் வண்டியும் வரவர மைலேஜ் கொடுப்பதில்லை என்றாயே, இந்த மழை ஓயட்டும் பிறகு பேசுவோம் என்றாராம். வந்து என்னிடம் இதை ஒன்றுவிடாமல் சொன்னார். இந்த வித்தையில் கைதேர்ந்தவருக்கு இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? தெரியும். "அப்ப விட்டுருங்க மாமா" என்றேன்.

அவர் விடவில்லை. அடுத்த டயாலிசிஸ் நாளன்று காலையிலேயே குளித்து, வண்டியைத் துடைத்து, எடுத்துக்கொண்டு கிளம்பினார். புரியாதவர் மாதிரி போய் வாசலில் நிற்கலாம், நின்றால் அண்ணன் ஏறிக்கொள்வார் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் வர நேரமாகும் என்று, அன்றைக்குக் கடையை என்னைத் திறந்துகொள்ளச் சொல்லியிருந்தார்.

நான் கடை திறந்து மிஷினுக்கு எண்ணெய் விடுவதற்குள் வண்டி வந்து நின்றது. மாமா இறங்கி உள்ளே வந்து, உறை போடாத ஒரு சோபாச் சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஏன் மாமா, பெரியவர் கிளம்பிப் போய்விட்டாரா என்று கேட்டேன். இல்லை, வாசலுக்கு வந்தார் என்றார்.

"டாக்ஸி சொல்லியாச்சுன்னாரு. வேணாம்னு சொல்லிடுண்ணே, நான்தான் வந்துட்டேனேன்னேன். என்னை நிமிர்ந்து பாத்தாரு. உன் வண்டியில வர எனக்கு இஷ்டமில்லடா, இனிமே வராதேன்னு சொல்லிட்டாரு."

 தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நேரா சொன்னா நல்லதுன்னு எல்லாரும் சொல்றீங்க," என்றார் மாமா. "இப்படி வலிக்கும்னுதான் நான் யாருக்கும் சொன்னதில்ல."